தம்பலகாமத்தில் ஐந்து ஏக்கர்: மூன்று போகங்களின் நாட்கணக்கு

திருகோணமலையிலிருந்து கண்டி வீதியால் போகும்போது தம்பலகாமச் சந்தியைத் தாண்டியதும் வலப்புறமும் இடப்புறமும் வயல்தான். கந்தளாய்க் குளத்து நீரை நம்பி விளையும் அந்த வெளியில் என் பெரியப்பாவுக்கு ஐந்து ஏக்கர் உண்டு. இந்த ஆய்வு அந்த ஐந்து ஏக்கரைப் பற்றியது. சரியாகச் சொன்னால், அதைப் பற்றி அவர் ஒரு கொப்பியில் எழுதிவைத்த கணக்கைப் பற்றியது. பெரும்பாலான கமக்காரர் செலவை எழுதுவார்கள், வரவை எழுதுவார்கள். பெரியப்பா கூடுதலாக ஒன்று செய்தார். எந்த வேலைக்கு எத்தனை பேர் எத்தனை நாள் நின்றார்கள் என்பதை, தன்னையும் பெரியம்மாவையும் பிள்ளைகளையும் சேர்த்து எழுதினார். சொந்த வீட்டு உழைப்பை யாரும் கணக்கில் பிடிப்பதில்லை என்பதால், விவசாயத்தில் ஓர் ஆளின் உற்பத்தித்திறனை அளக்கப் போகிறவர்கள் முதலில் வழுக்கி விழும் இடம் அதுதான். அந்த வழுக்கல் இந்தக் கொப்பியில் இல்லை.

அதிலிருந்து மூன்று பெரும்போகங்களை எடுத்துக்கொண்டேன்: 1998/99, 2018/19, 2021/22. ரூபாயில் ஒப்பிடவில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட ஒரு நாட்டில், இருபது வருடத்துக்கு முந்திய ரூபாயையும் இன்றைய ரூபாயையும் பக்கத்தில் வைத்தால் அது எதையும் சொல்லாது. ஆகவே கூலி, இயந்திர வாடகை எல்லாவற்றையும் அந்தந்தப் போகத்து விலையில் எத்தனை கிலோ நெல் என்று மாற்றிக்கொண்டேன். ஒரு நாள் என்பது எட்டு மணித்தியாலம். ஓர் ஆள் அப்படி நின்ற ஒரு நாளை ஆள்நாள் என்று சொல்கிறேன்.

அரிவாளின் கணக்கு

1998/99 பெரும்போகத்தில் வேளாண்மை வெட்டு முழுக்க அரிவாளால் நடந்தது. ஏக்கருக்கு ஆறு பேர் வீதம் ஐந்து ஏக்கரையும் வெட்ட 30 ஆள்நாள். வெட்டிப்போட்ட உப்பட்டி இரண்டு மூன்று நாள் வயலிலேயே காய்ந்த பிறகு அதைக் கட்டிச் சுமந்து களவெட்டியில் சூடு வைக்க இன்னும் 10. உழவு இயந்திரத்தை ஏற்றிச் சூடடித்துத் தூற்றி மூட்டையில் கட்ட 10. ஆக அறுவடைக்கு மட்டும் 50 ஆள்நாள். நிலத்தைப் பண்படுத்துவது, வரம்பு கட்டுவது, விதைப்பு, களை, உரம், தண்ணீர்க் காவல், குருவிக்கும் யானைக்கும் காவல் என்று மற்ற வேலைகளுக்கு 45. மொத்தம் 95 ஆள்நாளில் 8,000 கிலோ நெல் வந்தது. ஓர் ஆள்நாளுக்கு ஏறத்தாழ 84 கிலோ.

இந்த 84 என்ற எண்ணைக் கூட்ட என்ன வழி இருந்தது? எல்லாரும் எட்டு மணித்தியாலத்துக்குப் பதிலாகப் பத்து மணித்தியாலம் வெட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் வெட்டு ஐந்து நாளில் முடிவதற்குப் பதிலாக நாலு நாளில் முடியும். ஆனால் வயலில் நிற்கும் நெல் கூடாது. மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்ற கணக்கும் மாறாது. உழைத்தவர் கூடுதலாக உழைத்தார், அவ்வளவுதான். உண்மையில் மாறாமலாவது இருக்குமா என்பதும் சந்தேகம். விடியற்காலைப் பனி உலராமல் வெட்டத் தொடங்க முடியாது. பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு குனிந்து நிற்கும் முதுகு முதல் மணித்தியாலத்து வேகத்தைத் தராது, கதிர் உதிர்வதும் கூடும்.

இதை முதலாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டனில் அளந்திருக்கிறார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளரைப் பற்றி அன்று ஓர் அரசக் குழு திரட்டிய தரவுகளைப் பிற்காலத்தில் ஜோன் பென்கவெல் என்ற பொருளியலாளர் மீண்டும் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணித்தியாலம் வரை வேலை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தியும் கூடியது. அதற்கு மேல் கூடும் வேகம் குறைந்துகொண்டே போனது. வாரம் 70 மணித்தியாலம் வேலை செய்தவர்களின் மொத்த உற்பத்தி, 56 மணித்தியாலம் செய்தவர்களின் உற்பத்தியிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. அந்தப் பதினான்கு மணித்தியாலமும் அநேகமாக வெறும் களைப்பாகவே போயிருக்கிறது.

களைப்பே இல்லாத மனிதன் ஒருவன் இருந்தாலும் நாளுக்கு 24 மணித்தியாலம்தான். எட்டைப் பத்தாக்கினால் 25 சதவீத ஏற்றம் ஒரு தடவை கிடைக்கும். அடுத்த வருடம் அதே ஏற்றம் வேண்டுமானால் பன்னிரண்டரை மணித்தியாலம் நிற்க வேண்டும். அதற்கடுத்த வருடம் பதினைந்தரைக்கு மேல். மணித்தியாலத்துக்கு எவ்வளவு விளைகிறது என்பதற்கு இப்படி ஒரு கூரை இல்லை. அது வருடம் 2 சதவீதம் கூடினாலே போதும், சுமார் 35 வருடத்தில் இரட்டிப்பாகும். கைத்தொழில் நாடுகளில் 1870 அளவில் ஒரு தொழிலாளி வருடத்துக்கு 3,000 மணித்தியாலத்தை ஒட்டி உழைத்தார்; இன்று ஜெர்மனியில் அது 1,350 அளவில் நிற்கிறது. வேலை நேரம் பாதிக்கும் கீழே இறங்கிய அதே காலத்தில்தான் அங்கே வாழ்க்கைத்தரம் பல மடங்கு ஏறியது. ஆகவே அந்த ஏற்றத்தை வேலை நேரத்தின் கணக்கில் எழுத முடியாது.

இயந்திரம் இறங்கிய போகம்

2018/19 பெரும்போகத்துக்கு வருவோம். அதே ஐந்து ஏக்கரை அறுவடை இயந்திரம் ஏக்கருக்கு ஒரு மணித்தியாலம் வீதம் ஐந்து மணித்தியாலத்தில் வெட்டி, அடித்து, தூற்றிக் கொட்டிவிட்டது. ஓட்டுநர், உதவியாள், மூட்டை பிடிக்க மூன்று பேர்: ஐந்து பேரின் ஐந்து மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ 3 ஆள்நாள். ஐம்பது நாள் மூன்றாகியது. வீதியில் நின்று பார்க்கிறவர்கள் உற்பத்தித்திறன் பதினாறு மடங்கு கூடிவிட்டது என்று சொல்வார்கள். ஒரு கருத்தரங்கில் அப்படிச் சொல்லவும் கேட்டிருக்கிறேன்.

கொப்பி அப்படிச் சொல்லவில்லை. அரிவாளால் வெட்டிய காலத்தில் நெல் உப்பட்டியிலேயே காய்ந்தது. இயந்திரம் நிற்கும் கதிரை அப்படியே எடுப்பதால் நெல் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு வருகிறது, சேமித்து வைக்க ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஈர நெல்லைக் கொடுத்தால் வியாபாரி ஒவ்வொரு மூட்டையிலும் கிலோக் கணக்கில் கழிப்பார். ஆகவே தார் வீதி ஓரத்தில் படங்கு விரித்துக் காயப்போடுவதும், கிளறுவதும், மழை இருட்டினால் ஓடிப்போய் அள்ளுவதும் புதிதாக முளைத்த வேலை. அதற்கு 7 ஆள்நாள். மற்ற வேலைகள் முன்போல 45. மொத்தம் 55 ஆள்நாள்; விளைச்சல் 9,000 கிலோ. ஓர் ஆள்நாளுக்கு ஏறத்தாழ 164 கிலோ.

இன்னும் ஒரு கழிவு இருக்கிறது. இயந்திரம் வானத்திலிருந்து விழவில்லை. அதைச் செய்தவரும், டீசலைக் கொண்டுவந்தவரும், திருத்துபவரும் உழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பங்கு வாடகைக்குள் அடங்கியிருக்கிறது. ஏக்கருக்கு 180 கிலோ நெல்லின் பெறுமதி வீதம் 900 கிலோவைக் கழித்தால் 8,100. அதை 55ஆல் வகுத்தால் 147. பசளை, விதைச் செலவு இரண்டு போகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் அவற்றை விட்டுவிட்டேன். ஆக, நேர்மையாகக் கணக்குப் பார்த்தால் 84 என்பது 147 ஆனது. பதினாறு மடங்கும் இல்லை, இரண்டு மடங்கும் இல்லை, ஒன்றே முக்கால் மடங்கு. இது சின்ன எண் என்று தோன்றினால், அதே நிலத்தில் அதே குடும்பம் 95 நாளுக்குப் பதில் 55 நாள் நின்று முன்னையதைவிடக் கூடுதலான நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பதினாறு ஒன்றே முக்காலாகச் சுருங்கியதற்குக் காரணம், அறுவடை மொத்த வேலையில் பாதி மட்டும்தான் என்பதே. அந்தப் பாதியைப் பூச்சியமாக்கினாலும் மற்றப் பாதி நிற்கும்; நெருக்கடி அடுத்த வேலைக்கு நகரும். ஒரு வேலையில் மட்டும் நடக்கும் பாய்ச்சலை வைத்து முழுத் தொழிலின் உற்பத்தித்திறனைச் சொல்லக்கூடாது.

இயந்திரத்தை ‘கூடுதல் மூலதனம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் சரியில்லை. வெட்டுகிறவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு அரிவாள் கொடுத்தாலும் மூலதனம் கூடியதுதான், ஆனால் ஒரு பிடி நெல்கூடக் கூட வராது. செய்யும் முறை மாறியதே விடயம். ரொபர்ட் சோலோ 1957இல் அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையான கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு மணித்தியால உழைப்பின் உற்பத்தி அந்த நாற்பது வருடத்தில் இரட்டித்திருந்தது. அதில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே ஆளுக்குக் கூடிய மூலதனத்தால் வந்தது, மிச்சம் ஏழு பங்கும் முறை மாறியதால் வந்தது என்று கண்டார். ‘முறை’ என்ற அந்தச் சொல்லுக்குள் அவர் அளக்க முடியாத பலதும் அடைந்து கிடக்கின்றன என்ற விமரிசனம் அன்றிலிருந்து இருக்கிறது, நியாயமானதுதான். ஆனாலும் விகிதம் விகிதம்தான்.

விடுபட்ட நாற்பது நாள்

இங்கேதான் வயலின் கணக்கும் ஊரின் கணக்கும் பிரிகின்றன. ஓர் ஊரின் தலாவருமானத்தை இப்படிப் பிரிக்கலாம்:

```
ஒருவருக்கான உற்பத்தி = (உற்பத்தி ÷ மணித்தியாலம்) × (மணித்தியாலம் ÷ தொழிலாளர்) × (தொழிலாளர் ÷ மக்கள்)
```

பெரியப்பாவின் வயலில் முதல் பகுதி ஏறியது. ஆனால் வெட்டுக்கு வந்துகொண்டிருந்த பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு அடுத்த வேலை கிடைக்காவிட்டால் மூன்றாவது பகுதி இறங்கும். ஊருக்கு மொத்தத்தில் ஒன்றும் மிஞ்சாது. 2018/19இல் ஒருநாள் கூலி 28 கிலோ நெல்லுக்குச் சமம். அரிவாளால் வெட்டியிருந்தால் 50 நாளுக்கு 1,400 கிலோ கூலியாகப் போயிருக்கும். இயந்திரத்துக்கு 900, காயப்போட ஏறத்தாழ 200. ஆக, வயல்காரருக்கு மிச்சம் 300 கிலோதான். வெட்டுக்காரர் இழந்தது ஏறத்தாழ 1,400. வாடகையின் பெரும்பகுதி ஊரைவிட்டே வெளியே போகிறது. அந்த ஒரு வருடத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தால் ஊர் ஏழையாகித்தான் இருக்க வேண்டும். இயந்திரத்தை எதிர்த்து அன்று பேசியவர்கள் முட்டாள்கள் அல்லர்.

நீண்டகாலத்தில் கதை மாறியதற்கான சாட்சி அதே கொப்பியில், கூலிப் பக்கத்தில் இருக்கிறது. 1998/99இல் வெட்டுக் கூலி நாளுக்கு 20 கிலோ நெல். இருபது வருடம் கழித்து 28. அரிவாள் அதே அரிவாள். ஒருவர் ஒருநாளில் வெட்டும் அளவும் அதே ஆறில் ஒரு ஏக்கர். அப்படியிருக்கக் கூலி ஏன் நாற்பது சதவீதம் ஏறியது? வெட்டுக்கு வரக்கூடியவருக்கு மேசன் வேலை இருந்தது, கட்டாரில் சாரதி வேலை இருந்தது, தையல் தொழிற்சாலை இருந்தது. அங்கெல்லாம் ஒரு மணித்தியாலத்தின் விளைவு கூடுதலாக இருந்ததால், வயலுக்கு ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் அந்தக் கூலியை எட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. ஒருவருடைய கூலி அவருடைய கையின் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல, அவரைச் சுற்றியுள்ள பொருளாதாரத்தின் வேகத்தையும் பொறுத்தது. முடிவெட்டுபவர் ஒரு தலைக்கு எடுக்கும் நேரம் ஐம்பது வருடமாக மாறவில்லை, ஆனாலும் அவர் வாங்கும் காசில் கிடைக்கும் பொருள் கூடியிருப்பதும் இதே காரணத்தால்தான்.

இயந்திரம் ஆளை விரட்டியதா, ஆள் போனதால் இயந்திரம் வந்ததா என்று கேட்டால், தம்பலகாமத்தைப் பொறுத்தவரை இரண்டாவது பெரும்பங்கு என்பது என் எண்ணம். கூலி ஏறிய பிறகுதான் இயந்திரம் கட்டுப்படியானது. 20 கிலோக் கூலியில் 50 நாள் என்றால் 1,000 கிலோ. 900 கிலோ வாடகையும் காயப்போடும் செலவும் சேர்த்தால் பெரியப்பா அன்று இயந்திரத்தைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் எல்லாரும் மாறவில்லை. வயதானவர்கள், தனியே குடும்பம் நடத்தும் பெண்கள், ஊரைவிட்டுப் போக முடியாதவர்கள் இருபது வருடக் கணக்கில் காத்திருக்க முடியாது. இலங்கையில் தொழில் செய்வோரில் நாலில் ஒருவர் விவசாயத்தில் இருக்க, மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு 8 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அதாவது அங்கே ஓர் ஆளின் உற்பத்தி நாட்டுச் சராசரியில் மூன்றில் ஒரு பங்கு. போகக்கூடியவர் போய், போக முடியாதவர் குறைந்த விளைவுள்ள வேலையில் தங்கிவிட்டதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

நாள் கூடி நெல் குறைந்த போகம்

2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்த அரசு முடிவெடுத்தது, நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இடையில் விதைப்பு முடிந்துவிட்டது. யூரியாவில் நைதரசன் 46 சதவீதம். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் அது 1.5 சதவீதம் என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு 1,500 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். சுமந்தாலும் அது மெதுவாகத்தான் பயிருக்குக் கிடைக்கும். அடியிலிருந்து புதுத் தண்டுகள் விட்டு மட்டம் வெடிக்கும் அந்தச் சில கிழமைகளில் பயிர் கேட்கும் வேகத்தில் கிடைக்காது. களைநாசினியும் இல்லாததால் கையால் பிடுங்கினார்கள்.

கொப்பியில் அந்தப் போகத்துப் பக்கம் நிறைந்து வழிகிறது. எரு சேர்க்கவும் சுமக்கவும் களை பிடுங்கவும் கூடுதலாக 25 ஆள்நாள். அறுவடை இயந்திரம் அதே ஐந்து ஏக்கரைச் சுற்ற வேண்டியிருந்ததால் 3, நெல் குறைவென்பதால் காயப்போட 4, மற்றவை 45. மொத்தம் 77 ஆள்நாள். விளைச்சல் 5,000 கிலோ. ஓர் ஆள்நாளுக்கு 65.

இந்த எண்ணை மூன்று தடவை சரிபார்த்தேன். இயந்திரம் இருந்தும், இருபது வருட அனுபவம் கூடியிருந்தும், 1998இல் அரிவாளால் வெட்டிய காலத்து 84ஐவிடக் கீழே. முந்திய நல்ல போகத்தைவிட உழைப்பு நாற்பது சதவீதம் கூட. நெல் நாற்பத்தி நாலு சதவீதம் குறைவு. யாரும் சோம்பி இருக்கவில்லை. இயந்திரம் வந்த பிறகு அந்தக் குடும்பம் அவ்வளவு உழைத்த போகம் வேறில்லை. “தம்பி, நாள் கூடினதுக்கு நெல் கூடேல்லையே” என்று பெரியப்பா அன்று சொன்னது புலம்பல்போல இருந்தாலும், உழைப்பு மணித்தியாலத்தையும் உற்பத்தித்திறனையும் பிரித்துப் பார்ப்பதற்கு இதைவிடத் துல்லியமான வாக்கியம் எனக்குத் தெரியாது.

இப்போது எங்கே சிக்கியிருக்கிறது

பசளை திரும்பி வந்த பிறகு வயலை மச்சான் பார்க்கிறார்; கொப்பியையும் அவரே எழுதுகிறார். அவருக்கு நெல் உலர்த்தி ஒன்றைக் கூட்டாக வாங்கும் யோசனை இருந்தது. காயப்போடும் 7 நாளையும் அது முழுதாக மிச்சப்படுத்தினாலும் 55இல் 7தான் என்று கணக்குக் காட்டினேன். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த மாறாத 45ஐப் பிரித்தோம். நிலம் பண்படுத்தலும் வரம்பும் 10, விதைப்பு 3, களை 8, உரம் 3, குருவி யானைக் காவல் 7. மிச்சம் 14 நாள் தண்ணீர்.

தண்ணீர் என்றால் தண்ணீர் கட்டுவதல்ல. மடை திறக்கும் முறை எப்போது வரும் என்று தெரியாமல் வாய்க்கால் ஓரத்தில் ரோர்ச் லைட்டோடு குந்தியிருப்பது. வரம்பை வெட்டித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்ப வேண்டிய வேலை இரண்டு மணித்தியாலம். அதற்கு முன் ஆறு மணித்தியாலம் காத்திருப்பு. மேல்வயல்காரர் தன் முறை முடிந்தும் அடைக்காமல் விட்டால் விடிந்துவிடும். இருபது வருடமாக இது வேலை நேரமாகவே எழுதப்பட்டிருக்கிறது, எழுதியதும் சரிதான். ஆனால் அதில் ஒரு மணி நெல்லும் விளையவில்லை.

அந்த வாய்க்கால்காரர் இருபத்திரண்டு பேரும், தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டவிதானையாரும் சேர்ந்து வாட்ஸப் குழு ஒன்று வைத்தார்கள். திறக்கும்போதும் அடைக்கும்போதும் வட்டவிதானையார் ஒரு குரல் பதிவு போடுவார். முறை மாறினால் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டியது முந்தியவரின் பொறுப்பு. முதல் போகத்தில் பாதிப் பேர் பார்க்கவில்லை, சிலரிடம் அந்த மாதிரிப் போனே இல்லை, இரண்டு தடவை சண்டை வந்தது. போன் இல்லாதவர்களுக்குப் பக்கத்து வயல்காரர் அழைத்துச் சொல்வது என்று ஒழுங்கு செய்த பிறகு அடுத்த போகத்தில் மச்சானின் தண்ணீர் நாள் 14இலிருந்து 8க்கு வந்தது. உலர்த்தி தரக்கூடிய 7க்கு ஒரு நாள் குறைவு. ஆனால் ஒரு சதமும் செலவில்லை, கடனும் இல்லை.

விடுபட்ட ஆறு நாளில் அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். நாலு நாள் சந்தியில் ஒரு கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். மற்ற இரண்டு இரவும் நித்திரை. கொப்பியில் அதற்கென்று பத்தி இல்லாததால், ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்.